மார்க் போட்ட ரூப்ரிக்கை என்ன செய்வது?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன் சார். பெரிய விடைகளை ரூப்ரிக் வைத்துத் திருத்தி, ஆளுக்கு ஒரு மார்க் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். எதைத் திரும்ப நடத்துவது என்று அதிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டீச்சர், மொத்த மார்க்கை மறைத்துவிட்டு ஒரு தாளில் கட்டம் போடுங்கள். பிள்ளைகளின் பெயர் வரிசையாகக் கீழே இறங்கட்டும், ரூப்ரிக்கின் ஒவ்வொரு கூறும் ஒரு நெடுவரிசை. இதுவரை குறுக்கே படித்தீர்கள், இனி மேலிருந்து கீழே படிக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு 38 பேர் வகுப்பு என்று வைப்போம். தாமிரபரணியில் சாக்கடை கலந்தால் மீன் ஏன் சாகிறது என்பது கேள்வி, கூறுகள் கருத்து, சான்று, காரண விளக்கம், மொழி என நான்கு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலை. 3-க்குக் கீழே நிற்பவர்களை மட்டும் எண்ணுங்கள்: கருத்தில் 4 பேர், சான்றில் 9, மொழியில் 7, காரண விளக்கத்தில் 26. சராசரி எடுக்காதீர்கள், பாதிப்பேர் 4-லும் பாதிப்பேர் 1-லும் நின்றாலும் சராசரி 2.5 என்று சமர்த்தாகத்தான் காட்டும். 26 பேர் என்றால் வகுப்பு முழுவதற்கும் மறுபடி நடத்தணும். சான்றில் விழுந்த 9 பேரைத் தனியாக உட்கார வைத்தால் போதும்.

உடனே பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிடாதீர்கள். காரண விளக்கத்தில் 2 வாங்கிய ஐந்தாறு தாள்களை எடுத்து வாசியுங்கள். "சாக்கடை கலக்கிறது, அதனால் மீன் சாகிறது" என்றே பலரும் எழுதியிருப்பார்கள். நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன என்ற நடுக்கண்ணி இருக்காது. அது தெரியவில்லையா, தெரிந்தும் எழுதவில்லையா? நாலு பேரைக் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொன்னால் விளங்கிவிடும். சொல்லத் தெரிந்தால் பாடத்தை விட்டுவிட்டு, "எப்படி?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டு எழுதும் பழக்கத்தை மட்டும் நடத்துங்கள், 20 நிமிஷம் போதும். (கேள்வித்தாளில் "விளக்குக" என்று கேட்டிருந்தீர்களா என்றும் பாருங்கள். "குறிப்பிடுக" என்று கேட்டுவிட்டு விளக்கம் இல்லை என்று மார்க் குறைத்தால் பிசகு நம் பக்கம்.)

இந்த எண்ணிக்கையை நம்பணும் என்றால் திருத்தும் முறையும் மாறணும். ஒரு தாளை முழுக்கத் திருத்தி அடுத்ததுக்குப் போனால், நல்ல கையெழுத்து மற்ற கூறுகளுக்கும் மார்க்கை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் 38 தாளிலும் காரண விளக்கம் மட்டும், அப்புறம் சான்று என்று கூறு கூறாகப் போங்கள்.

நடத்தி முடித்ததும் அதே கேள்வியைத் திருப்பிக் கொடுத்தால் மனப்பாடம்தான் வரும். தோட்டத்தில் தேனீ குறைந்தால் பூசணி காய்ப்பது ஏன் குறைகிறது என்று நாலு வரி எழுதச் சொல்லி, காரண விளக்கத்தை மட்டும் திருத்துங்கள், மார்க் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். 26 பேர் எட்டுப் பத்தாகக் குறைந்தால் வகுப்பை அடுத்த பாடத்துக்கு நகர்த்திவிட்டு, மிச்சப் பேரை மட்டும் தனியே பாருங்கள். இருபதுக்கு மேலேயே நின்றால், நடத்திய விதத்தை மாற்றி இன்னொரு தடவை.