லேன் கேபிள் உறையில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா?

"உறையில் 'கேட் 7' என்று போட்டிருக்கிறது, பிளக்கும் தங்க முலாம். விலையோ மலிவு. வாங்கலாமா?"

அந்த அச்சைத் தொடர்ந்து படியுங்கள். 'கேட்' எண் கேபிளின் தரவகுப்பைச் சொல்கிறது. கேட் 7 என்றால் நான்கு ஜோடிக் கம்பிகளுக்கும் தனித்தனியே உலோகத்தாள் சுற்றியிருக்க வேண்டும். ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடியில் கலக்காமல் தடுப்பது அதுதான். அதே அச்சில் 'யூடிபி' என்றும் இருக்கிறதா பாருங்கள்; அப்படியென்றால் அந்தத் தாள் கவசமே இல்லாதது. ஆக, 'கேட் 7 யூடிபி' என்று ஒரு கேபிள் இருக்கவே முடியாது, அச்சிட்டவரே காட்டிக்கொடுத்துவிட்டார்.

அடுத்து 'சிசிஏ' என்ற எழுத்து. செம்பு பூசிய அலுமினியக் கம்பி, கவரிங் நகை மாதிரி. அதே தடிமனுள்ள செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேசைக்கடியில் இரண்டு மீட்டருக்கு ஓடிவிடும். தூரத்துச் சிசிடிவி கேமராவுக்கு அதிலேயே மின்சாரமும் அனுப்பினால் வோல்டேஜ் இறங்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா அணைந்து அணைந்து வரும். சிசிஏ என்று போடாமலே விற்பவர்களும் உண்டு. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

தங்க முலாம் வேகத்தைக் கூட்டும் என்பது தவறு: தொடுமுனை அரிக்காமல் காப்பதோடு அதன் வேலை முடிந்தது, வெளிக்கூட்டில் பூசியது வெறும் மினுக்கு.