மூலிகை கொசு பத்தி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் படுக்கையறை பத்துக்குப் பத்து அடி. ஏசி போடுவதால் ஜன்னலைத் திறப்பதில்லை. கொசுவத்திச் சுருள் ஏற்றினால் ஆறு வயது மகனுக்கு விடியற்காலையில் இருமல் வருகிறது. கடைக்காரர், "இது மூலிகை பத்தி, கெமிக்கலே கிடையாது, பத்து நிமிஷத்துல கொசு செத்து விழும்" என்று ஒரு பாக்கெட் கொடுக்கிறார். வாங்கலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம் அம்மா. கடைக்காரர் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நொச்சி, வேப்பிலைப் புகைக்குக் கொசு கொஞ்சம் விலகிப் போகும். பத்து நிமிடத்தில் செத்து விழுகிறது என்றால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே பூச்சிக்கொல்லி இருக்கிறது. இந்தியாவில் வீட்டுக்கான கொசு மருந்து 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர், அதன் விழுக்காடு, சிஐஆர் என்ற எழுத்துகளோடு ஒரு பதிவு எண், மூன்றும் இருக்க வேண்டும். பதிவில்லாத பத்திகளில் மெபர்ஃப்ளூத்ரின் என்ற அனுமதி பெறாத மருந்து கலக்கப்படுவதாகக் கொசு மருந்துத் தயாரிப்பாளர் சங்கமே எச்சரித்திருக்கிறது.

சரி, பதிவு எண் உள்ள சுருள் என்றால் பரவாயில்லையா? உங்கள் அறையில் அதுவும் கூடாது. அல்லெத்ரின் சுருளில் மருந்து பெரும்பாலும் 0.1 விழுக்காடுதான். மற்றதெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள், பசை. அவை தீப்பிடித்து எரியாமல் இரவு முழுக்கக் கனிந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அவ்வளவு புகை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வில், ஒரு முழுச் சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் கக்குவதற்குச் சமம் என்று தெரிந்தது. 'புகை குறைவு' என்று விற்கும் கரித்தூள் சுருளில் கண்ணுக்குத் தெரியும் புகை குறையும். ஆனால் கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தியையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் பத்தி எரிந்தால் சுமார் 45 மில்லிகிராம் புகைத்துகள் வரும். சிகரெட்டில் அது 10 மில்லிகிராம். உங்கள் அறையின் உயரமும் பத்து அடி என்று வைத்தால் உள்ளே இருக்கும் காற்று 28 கனமீட்டர். புகை வெளியே போகாவிட்டால் ஒரு கனமீட்டருக்கு 1,600 மைக்ரோகிராம். வெளிக்காற்றில் நுண்துகளுக்கு நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக, வெறும் 60. கொஞ்சம் சுவரில் படியும், கொஞ்சம் கதவிடுக்கில் போகும் என்று கழித்தாலும் மிஞ்சுவது அதிகம்தான். அதனால் பத்தியைக் கூடத்திலோ வாசலிலோ ஏற்றுங்கள், படுக்கையறையில் வேண்டாம்.

ஏசி ஓடுகிறதே, புகையை இழுத்துவிடாதா என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், புகைத்துகளைப் பிடிக்காது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சக் கோட்டில் புகை நெளிவது தெரியும். அந்தத் துகள்கள் மூக்கு ரோமத்தில் சிக்காமல் நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய்விடும். மூச்சுக்குழல் உள்ளே வீங்கிச் சுருங்கும், சளி கட்டும். ஏற்கெனவே இழுப்பு உள்ள குழந்தைக்கு அது உடனே தெரியும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் மெதுவாக ஏறும்.

இரண்டு வாரம் அறையில் எந்தப் புகையும் போடாமல் பாருங்கள். இருமல் விட்டால் காரணம் பெரும்பாலும் புகைதான். விடாவிட்டாலும், மூச்சு விடும்போது விசில் போல் சத்தம் கேட்டாலும், விலா உள்ளே இழுத்தாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்க வேண்டியது கொசுவலை. சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலை கொசுவைத் தடுக்கும், காற்றும் வரும். கட்டிலின் அளவைவிடச் சுற்றிலும் ஓர் அடி கூடுதலாக எடுத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கை வலையில் ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்தே கடித்துவிடும், அதனால் அகலம் முக்கியம். அப்புறம், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. அதற்கு ஜன்னலில் வெல்க்ரோ வலை அடியுங்கள். அதை அடித்த பிறகு, ஏசி போடுவதற்கு முன் அரை மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வைக்கலாம். திரவ மருந்துக் கருவியில் புகை இல்லை. ஆனால் அதுவும் மருந்துதான், அடைத்த ஏசி அறையில் இரவு முழுக்க ஓட வேண்டாம்.