திரவத்தன்மை என்றால் என்ன? வீடும் நகையும் ஏன் சேமிப்பைப் போல் உடனே காசாவதில்லை?

"சேமிப்புக் காசை உடனே எடுக்கலாம். வீட்டையும் நகையையும் ஏன் அப்படி மாற்ற முடியாது?"

ஒரு சொத்தை, விலையில் பெரிதாக இழக்காமல், எவ்வளவு விரைவாகக் காசாக்கலாம் என்பதே திரவத்தன்மை. சேமிப்பு சமைத்த சோறு, நகை மூட்டையில் கிடக்கும் நெல், வீடு வயலில் நிற்கும் பயிர்.

சேமிப்புக்கு வாங்குபவர் தேவையில்லை. வங்கி அதே தொகையைத் திருப்பித் தருகிறது. நகைக்கோ ஒருவர் விலை சொல்ல வேண்டும். கடைக்காரர் உரைத்துப் பார்ப்பார், கல்லின் எடையைக் கழிப்பார். நீங்கள் கொடுத்த செய்கூலி திரும்பாது. ஆனாலும் ஒரே நாளில் முடியும், ஏனென்றால் பொன்னின் விலை எல்லோருக்கும் தெரியும்.

வீடு அப்படியல்ல. ஒவ்வொன்றும் வேறு, அதனால் எல்லா வீட்டுக்கும் பொதுவான சந்தை விலை என்று ஒன்றில்லை. கிளிநொச்சியில் ஒரு குடும்பத்துக்கு நாளை ஆஸ்பத்திரிச் செலவுக்கு 3 லட்சம் தேவை என்று வையுங்கள். வீட்டின் ஒரு மூலையை மட்டும் விற்க முடியாது. முழுதாக வாங்க ஆள் வர வேண்டும், அவர் காணி உறுதியைப் பார்க்க வேண்டும், நொத்தாரிசிடம் போக வேண்டும். வன்னியில் பலரிடம் இருப்பது உறுதிக் காணியல்ல, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. அவசரம் என்று தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

அப்புறம், நகையை அடகு வைத்தால் அது காசாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது விற்பனையல்ல, வட்டியோடு மீட்க வேண்டிய கடன்.