வகிட்டில் தெரியும் வெள்ளைக்கோடு: கறுப்பு டையிலிருந்து நரைக்கு வரும் வழி

கேள்வி: எனக்கு 27 வயது. வகிடும் நெற்றியோரமும் பாதிக்கு மேல் நரைத்துவிட்டன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கறுப்பு டை அடித்தும் வெள்ளைக்கோடு தெரிகிறது. இதைவிட மென்மையான வழி உண்டா? பேசாமல் நரையோடே விட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் முடியும், ஒன்றன்பின் ஒன்றாக.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அட்டைக் கறுப்புக்குப் பக்கத்தில் அரை சென்டிமீட்டர் வெள்ளை வந்தாலே பளிச்சென்று தெரியும். அதனால் முதலில் கறுப்பை விடுங்கள். அடர் பழுப்பில் டெமி பெர்மனென்ட் சாயத்துக்கு மாறுங்கள். நிரந்தர டையில் பொதுவாக 6 சதவீதப் பெராக்சைடு கலப்பார்கள். இதில் அதில் பாதியோ இன்னும் குறைவோதான். இயற்கை நிறத்தை இது வெளுக்காது, இருபது சொச்சம் குளியலில் மெல்ல மங்கும். நரையை முழுசாக மூடாது. வெள்ளை இழைகள் வெளிர் பழுப்புக் கீற்றுகள் போலத் தெரியும். உங்களுக்கு வேண்டியதே அதுதான், ஏனென்றால் மங்கும் சாயத்துக்கு அழுத்தமான எல்லைக்கோடு விழுவதில்லை. வேர்ப்பகுதியில் மட்டும் தடவுங்கள். பழைய கறுப்பின் மேல் பூசினால் நுனி இன்னும் கறுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘அமோனியா இல்லை’ என்று அட்டையில் போட்டிருந்தால் ஒவ்வாமை வராது என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் பிபிடி என்னும் சாயப்பொருள். டெமியிலும், சில ‘கறுப்பு மருதாணி’ பொடிகளிலும்கூட அது இருக்கும். பெட்டியில் சொன்னபடி காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயத்தைத் தொடவே கூடாது. அப்போது சுத்தமான மருதாணிப் பொடிதான் வழி. ஆனால் வெள்ளை முடியில் அது ஆரஞ்சாகப் பிடிக்கும். அதோடு அவுரிப்பொடி கலந்து போட்டால் பழுப்பாகும்.

அப்புறம் நரை. டெமியை நாலைந்து மாதம் போட்டால் அட்டைக் கறுப்பு வேரிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் கீழே போயிருக்கும். அதன்பின் சாயத்தை நிறுத்துங்கள். முடி 30 சென்டிமீட்டர் நீளம் என்றால், நுனியை மட்டும் அவ்வப்போது கத்தரித்து அதே நீளத்தில் வைத்தால் கறுப்பு முழுக்க நீங்க, கறுப்பை விட்ட நாளிலிருந்து இரண்டரை வருடம் ஆகும். தாடை வரை வெட்டிக்கொண்டால் ஒரு பகுதி அன்றே போய்விடும். என் சிபாரிசு இதுதான். கறுப்பை பிளீச் செய்து வெளுப்பதை நான் விரும்புவதில்லை. பல தடவை டை அடித்த முடி அதைத் தாங்காது. ஈரமான இழை ஒன்றை இழுத்துப் பாருங்கள்: ரப்பராக நீண்டு திரும்பாமல் நின்றாலோ அறுந்தாலோ பிளீச் வேண்டவே வேண்டாம்.

நரை மஞ்சளடித்தால் வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பூ போதும். இதற்கிடையில் பி12, தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். குறை இருந்து சரிசெய்தால் சிலருக்கு நிறம் ஓரளவு திரும்பும். பரம்பரை நரை என்றால் திரும்பாது.