சான்றிதழுக்கு அப்புறம் ஒரு பிளேட்

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு சின்ன வேலை. இப்போது வாங்கிய சான்றிதழைப் பிரித்து, பெயர், பிறந்த தேதி, பிரிவு மூன்றையும் உங்கள் அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கிளம்புவதற்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். வேலைக்குச் சேரும் நாளில் இது மாட்டினால், திருத்தி வாங்கி வருவதற்குள் அந்த இடம் கைநழுவிவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெல்டிங் முடித்தவர்கள்தான் இங்கே அதிகம், அதனால் அதை வைத்தே பேசுகிறேன். பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது: "அதான் பாஸாகிச் சான்றிதழும் வாங்கியாச்சே, கம்பெனியில் எதற்கு மறுபடியும் டெஸ்ட்?" நியாயமான கேள்விதான். உங்கள் பிள்ளை இந்தத் தொழிலைப் படித்திருக்கிறார் என்பதற்குத்தான் இந்தக் காகிதம் சாட்சி. எந்த முறையில், எவ்வளவு தடிமனில், எந்த நிலையில் அவர் போடும் வெல்டு தாங்கும் என்று இதில் இருக்காது. கொதிகலன், அழுத்தக் குழாய் போன்ற வேலைகளில் அதைத் தனியாகச் சோதித்துத்தான் எடுப்பார்கள். பிளேட்டைப் படுக்க வைத்துத் தேறியவரை, அந்தத் தேர்ச்சியை வைத்துக்கொண்டு தலைக்கு மேலே வெல்டு அடிக்க விடமாட்டார்கள்.

அந்த டெஸ்டில் பையன்கள் எங்கே தவறுகிறார்கள்? என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 10 மி.மீ. பிளேட் இரண்டு கொடுத்து, நிற்க வைத்து அடிக்கச் சொன்னார்கள். மேற்பரப்பு மீன் செதில் போல அழகாக வந்தது. ஆனால் துண்டு வெட்டி வளைத்துப் பார்த்தபோது அடிப்பக்கம் வாய் பிளந்துவிட்டது. ரூட், அதாவது இணைப்பின் அடியில் முதலில் ஓட்டும் வெல்டு, உருகி ஒட்டவே இல்லை.

காரணத்தைத் தேடினோம். பயிற்சியில் பிளேட்டைக் கிரைண்ட் செய்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி வைத்து, அசையாமல் இருக்க அங்கங்கே சின்ன வெல்டாக டேக் அடித்துத் தந்தது எப்போதும் வேறொருவர். இவர் வெல்டை மட்டும் போட்டுப் பழகியிருக்கிறார். டெஸ்ட் நாளில் தானே பொருத்தியபோது இடைவெளி ஒன்றரை மி.மீ.தான் இருந்தது. வெல்டு ஏற ஏற பிளேட் சுருங்கி அதுவும் மூடிக்கொண்டது. இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஆரம்பிக்கும் முனையில் 3 மி.மீ. விட்டால், முடியும் முனையில் 4 மி.மீ. விடுவார்கள். ரூட் ஓடும்போது முன்னால் சாவித்துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை தெரிந்துகொண்டே வர வேண்டும். அது மறைந்தால் அடியில் உருகவில்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திக் கிரைண்ட் செய்துவிட்டுத் தொடரலாம், ஆனால் டெஸ்டில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே எவ்வளவு அழகாக மூடினாலும் வளைக்கும்போது தெரிந்துவிடும். அவர் மூன்று வாரம் பொருத்துவதை மட்டுமே பழகிவிட்டுப் போனார், இரண்டாவது முறை தேறினார்.

ஆகவே டெஸ்டுக்குப் போவதற்கு முன் வெட்டுவது முதல் டேக் வரை எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே பத்துத் தடவையாவது செய்துவிடுங்கள். பயிற்சிக்கூடத்தில் இதற்கு நேரம் கேட்டால் கொடுப்பார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

இனி குடும்பத்தாருக்கு. இந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. ஆனால் டெஸ்டில் வாங்கும் தகுதி அப்படியில்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. விதிகளின் ஒன்பதாம் பகுதிப்படி, ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வெல்டே அடிக்காமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி போய்விடும். வெல்டர் தேர்வுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9606 படி எடுத்தாலும், அந்த வெல்டர் தொடர்ந்து வேலை பார்க்கிறார் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொறுப்பானவர் உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். "நல்ல இடம் வரட்டும், அதுவரை வீட்டில் இரு" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள். அந்த ஆறு மாதத்தில் தகுதி போவது ஒரு பக்கம், கைப்பழக்கமும் போய்விடும்.

ஹெல்பர் வேலையா என்று முகம் சுளிக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். எல்லோரும் முதலில் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. கூடவே இன்னும் இரண்டு கேட்டுவிடுங்கள்: இவர் கையில் வெல்டு அடிக்கும் ஹோல்டரை எத்தனை மாதத்தில் கொடுப்பீர்கள்? டெஸ்ட் வைத்தால் அதன் தகுதித் தாளின் நகலை இவருக்குத் தருவீர்களா? முதல் கேள்விக்கு "பார்க்கலாம்" என்று மட்டுமே பதில் வந்தால், ஒரு வருடம் ஆனாலும் பிள்ளை பிளேட் தூக்கிக்கொண்டுதான் இருப்பார். அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வாசலைப் பாருங்கள்.