நான் பெரியாரிஸ்ட், அவங்க முருக பக்தை, சாட்ல எப்படி பேசுறது?

"மேட்ரிமோனில மேட்ச் ஆன பொண்ணு வருஷா வருஷம் பழனிக்கு பாதயாத்திரை போறவங்க, நான் நாத்திகன். நேத்து சாட்ல பெரிய வாக்குவாதம், இப்ப ரிப்ளையே இல்ல. என்ன பேச?"

கடவுள் இருக்காரான்ற கேள்விய விட்டுட்டு, முதல் தடவை எப்ப நடந்தீங்க, யாரோடன்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி நேத்து பேசுன விதத்துக்கு ஒரே வரில சாரி, விளக்கம் வேணாம்.

பெரும்பாலும் நடந்தது இதான்: அவங்க தன் வாழ்க்கைய சொல்லிருப்பாங்க, நீங்க அத ஒரு வாதமா எடுத்து பதில் குடுத்துருப்பீங்க. சாட்ட மேல தள்ளி பாருங்க, நீங்க கேட்ட கேள்வில எத்தன "அப்போ ஏன்"னு ஆரம்பிக்குது? அதெல்லாம் கேள்வி இல்லைங்க, குறுக்கு விசாரணை. அவங்க பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்டுட்டு அப்புறமா உங்க கருத்த சொல்லுங்க, அதுவும் முடிஞ்சா போன்ல, டைப் பண்ணா சாதாரண வரி கூட கோவமா தெரியும்.

உண்மையிலேயே பேச வேண்டியது கல்யாணம் எப்படி, குழந்தைக்கு மொட்டை காதுகுத்து உண்டா, மாலை போட்டா வீட்ல கறி சமைக்கலாமா, இதுதான். 1967லயே இந்து திருமணச் சட்டத்துல தமிழ்நாட்டுக்குன்னு 7ஏ பிரிவ சேத்தாச்சு, ஐயர் இல்லாம உறவுக்காரங்க நண்பர்கள் முன்னாடி மாலையோ மோதிரமோ மாத்தினாலே, இல்ல தாலி கட்டினாலே செல்லும். அதுக்கப்புறம் அவங்க கோயிலுக்குப் போறத எதுவும் தடுக்காது. "உங்களுக்கு எது இல்லாம கல்யாணமாவே தோணாது?"ன்னு கேளுங்க, உங்களோடதையும் சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, யாராவது ஒருத்தர் மனசுக்குள்ள "கல்யாணத்துக்கப்புறம் மாத்திடலாம்"னு வச்சிருந்தா இது எதுவும் உதவாது. சாதி பாக்குறவங்கன்னு தெரிஞ்சா அது வேற விஷயம், அதுல பொறுமையா கேட்டுட்டு இருக்கணும்னு அவசியமே இல்ல.