சுற்றிவர எடுத்த எட்டுப் படத்திலும் சட்டி ஒரே அளவில் தெரிய

கேள்வி: காது வைத்த இரும்பு வாணலி ஆன்லைனில் விற்கிறேன். சுழல்மேடையில் வைத்து எட்டுக் கோணத்தில் எடுத்தேன். ஒன்றில் பெரிசாகவும் இன்னொன்றில் சின்னதாகவும் தெரிகிறது. ‘இது ரெண்டு சைஸா?’ என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: பெரும்பாலும் கோளாறு படம் எடுத்ததில் இல்லை, வெட்டியதில்தான் இருக்கும். பின்னணியை நீக்கும் ஆப்கள் பொருளைச் சட்டம் நிறையப் பெரிதாக்கிவிடும். உங்கள் வாணலியின் விளிம்பு 24 செ.மீ., இரண்டு காதும் சேர்த்து 32 செ.மீ. என்று வைப்போம். காது இடமும் வலமும் நீண்ட படத்தில் 32 செ.மீ.யும், காது கேமராவைப் பார்க்கும் படத்தில் 24 செ.மீ.யும் அதே அகலத்துக்கு இழுக்கப்படும். இரண்டாவதில் சட்டி மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும்.

அதனால் எந்தப் படத்தையும் தனியாக வெட்டாதீர்கள். காது விரிந்த படம்தான் ஆக அகலமானது, அதற்கு ஏற்ற ஒரே சதுரத்தை எட்டுக்கும் போடுங்கள். முதல் படத்தில் பொருள் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும் என்று அமேசான் கேட்கிறது. ஆகவே அந்தப் படத்தையே முதலில் வையுங்கள். கணினியில் ImageMagick என்ற பட நிரல் இருந்தால் இரண்டே வரிதான் (2400 என்பதை உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்):

```
mkdir out
magick mogrify -path out -gravity center -crop 2400x2400+0+0 +repage -resize 2000x2000 *.jpg
```

சரி, இப்போது எடுக்கும் விதம். அரை மீட்டரில் போனை வைத்தால், நடு அச்சிலிருந்து 16 செ.மீ. முன்னால் வரும் காது 34 செ.மீ. தூரத்தில் நிற்கும். அது நடுவில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி, 2x லென்ஸில் எடுத்தால் அந்த வித்தியாசம் 9 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ட்ரைபாடைத் தொடவே கூடாது. ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

அப்புறம் சட்டி மேடையின் நட்டநடுவில் உட்கார வேண்டும். 2 செ.மீ. விலகினால், அரை மீட்டரில் எடுக்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் 8 சதவீத அளவு வித்தியாசம் வரும். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு மேடையைச் சுற்றிப் பாருங்கள். விளிம்பு இடம் வலமாக ஆடினால் இன்னும் நடுவுக்கு வரவில்லை, நகர்த்துங்கள். எட்டுக் கோணத்துக்கு, மேடையின் ஓரத்தைச் சுற்றி ஒரு காகித நாடாவை அளந்து வெட்டி, மூன்று தடவை பாதிபாதியாக மடியுங்கள். ஏழு மடிப்புகளும், நாடாவின் இரு முனையும் சேரும் இடமும்தான் எட்டுக் குறிகள்.

சரிபார்க்க வாணலியின் வட்ட விளிம்பே போதும், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் அகலம் மாறாது. காது விரிந்த அகலம் 1700 பிக்சல் என்றால், விளிம்பு எட்டிலும் 1275ஐ ஒட்டி வர வேண்டும். ஒன்றில் மட்டும் 1330 வந்தால் சட்டி நடுவிலிருந்து நகர்ந்திருக்கிறது, அந்தப் படத்தை மட்டும் திரும்ப எடுங்கள். எல்லாமே தாறுமாறாக இருந்தால், எங்கோ ஒரு ஆப் மறுபடியும் வெட்டியிருக்கிறது.